நீண்ட ஃபார்வர்டை ஏழெட்டு வரியாக்குவது எப்படி?

குடும்பக் குழுக்களில் வந்து விழும் நீண்ட ஃபார்வர்டு பெரும்பாலும் ஒரே பத்தியாக இருக்கும். வணக்கம், வேண்டுகோள், தேதி, எச்சரிக்கை, பயமுறுத்தல், லிங்க் எல்லாம் இடைவெளியின்றி அதில் அடுக்கப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி முழுதாகத் தெரியாது. ஒரு பகுதிக்குப் பிறகு ‘மேலும் படிக்க’ என்று நின்றுவிடும். வேலைக்கு நடுவே போனைப் பார்ப்பவர் அதற்கு மேல் போவதில்லை. அவருக்குப் பயன்படும் ஒரே வரி அந்த மறைந்த பகுதியில் இருக்கக்கூடும்.

இத்தகைய செய்தியைத் தலைப்புச் சொற்களோடு சிறுசிறு வரிகளாகப் பிரித்து அனுப்பினால், உறவினர் கண்ணோட்டத்திலேயே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். பிரிப்பது என்பது என்டர் தட்டிக்கொண்டே போவது அல்ல. எதை வைப்பது, எதை விடுவது, எதைச் சரிபார்ப்பது, வாக்கியத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்று சில முடிவுகள் அதில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரை ஒட்டிச் சுற்றிவரும் ஆயுள் சான்றிதழ் ஃபார்வர்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த வகைச் செய்தியின் மாதிரி ஒன்று:

> அன்பார்ந்த பென்ஷன்தாரர்களின் கனிவான கவனத்திற்கு!! மிக மிக அவசரம்!! நம் சொந்தபந்தங்களில் பல பெரியவர்களுக்கு இந்த விஷயம் தெரிவதில்லை. எல்லா ஓய்வூதியர்களும் வரும் 30ஆம் தேதிக்குள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும், தவறினால் ஓய்வூதியம் நிரந்தரமாக ரத்தாகிவிடும். 80 வயதைக் கடந்தவர்கள் கொடுக்கத் தேவையில்லை. வங்கிக்குப் போய் வரிசையில் நின்று கஷ்டப்பட வேண்டாம், ஆண்ட்ராய்டு போனில் Jeevan Pramaan, AadhaarFaceRD ஆகிய இரண்டு செயலிகளையும் இறக்கி, ஆதார் எண், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண், மொபைல் எண் கொடுத்து, முகத்தைக் காட்டிப் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் பிரமாண் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம், கட்டணம் 70 ரூபாய். யாராவது போனில் அழைத்து சான்றிதழைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று ஓ.டி.பி. கேட்டால் எக்காரணம் கொண்டும் அதைச் சொல்லக்கூடாது. கீழே உள்ள லிங்க்கை அழுத்தி உடனே பதிவு செய்யவும். இதை அப்படியே விட்டுவிடாமல் குறைந்தது 10 குரூப்புக்கு அனுப்பவும்!

யாருக்கு அனுப்புவது?

சுருக்கும் வேலை பெறுபவரிலிருந்து தொடங்குகிறது. இந்த மாதிரியை ஒரு சித்தப்பா தன் அண்ணன் மகளுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம். அண்ணன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; வயது 76; நாகர்கோவிலில் இருக்கிறார். மகள் கோவையில் வேலை பார்க்கிறார். அப்பாவின் வங்கி வேலைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

இவ்வளவு தெரிந்துவிட்டால் எது முக்கியம் என்பது தானாகத் தெளிகிறது. மகளுக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இது அப்பாவுக்குப் பொருந்துமா, கடைசித் தேதி எது, தான் என்ன செய்ய வேண்டும். 80 வயதைப் பற்றிய வரி அவருக்குத் தேவையே இல்லை. அதே ஃபார்வர்டை 82 வயதுப் பெரியம்மாவின் மகனுக்கு அனுப்பினால் அந்த வரிதான் முதலில் வர வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சுருக்கம் என்று ஒன்று கிடையாது.

ரகம் பிரித்தல்

அடுத்து, செய்தியை ஒருமுறை முழுக்கப் படித்து ஒவ்வொரு வாக்கியமும் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃபார்வர்டுகளில் நான்கு ரகம்தான் இருக்கும். ஒன்று, செய்யச் சொல்வது. இரண்டு, அதற்கான தேதி, இடம், தொகை, ஆவணம் போன்ற விவரம். மூன்று, யாருக்குப் பொருந்தும், எப்போது பொருந்தாது என்ற நிபந்தனை. நான்கு, வெறும் சத்தம்.

‘மிக மிக அவசரம்’, ‘பலருக்குத் தெரிவதில்லை’, ‘10 குரூப்புக்கு அனுப்பவும்’ ஆகியவை நான்காம் ரகம், தயங்காமல் விட்டுவிடலாம். முதல் இரண்டு ரகமும் எளிதில் கண்ணில் படும். தவறிப்போவது மூன்றாம் ரகம்தான். ‘எல்லா ஓய்வூதியர்களும்’ என்ற இரண்டு சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. செய்தி யாருக்குப் பொருந்தும் என்பதே அதில்தான் இருக்கிறது. மாதிரியின் முதல் பிழையும் அங்கேதான் இருக்கிறது.

பிரிக்கும் முன் சரிபார்த்தல்

நீண்ட பத்தியாக இருக்கும்வரை ஃபார்வர்டு ஒரு வதந்தி போலத் தோன்றும். தலைப்புச் சொல் போட்டு வரிசைப்படுத்தியதும் அதுவே அலுவலக அறிவிப்பு போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. நகலெடுத்து ஒட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. 2018 முதல் வாட்ஸ்அப் இட்டுவரும் ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற அடையாளமும், பல கை மாறி வந்த செய்திக்குரிய இரட்டை அம்புக்குறியும் மறைந்துபோகின்றன. செய்தி அனுப்புபவர் தானே எழுதியது போல ஆகிவிடுகிறது. ஆகவே, பொறுப்பும் அவருடையதாகிறது.

மாதிரியில் சரிபார்க்க வேண்டியவை நான்கு. ‘எல்லா ஓய்வூதியர்களும் 30ஆம் தேதிக்குள்’ என்பது தவறு. நவம்பர் 1 முதல் 30 வரை என்பது ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான காலம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் ஓய்வூதியம் வாங்குபவர் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு ‘நேர்காணல்’ என்ற பெயரில் தனி நடைமுறை இருக்கிறது. மேலும், ‘வரும் 30ஆம் தேதி’ என்பதில் மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. பழைய ஃபார்வர்டு ஆண்டுகள் கழித்தும் சுற்றிவரும் என்பதால், ‘வரும்’, ‘நாளை’, ‘அடுத்த வாரம்’ போன்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. முழுத் தேதி தெரிந்தால்தான் வரி போட வேண்டும்.

‘80 கடந்தவர்களுக்குத் தேவையில்லை’ என்பதும் தவறு. 80 வயதும் அதற்கு மேலும் ஆன மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒரு மாதம் முன்பாக, அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்ற சலுகைதான் உண்டு, விலக்கு இல்லை. ‘நிரந்தரமாக ரத்து’ என்பது பயமுறுத்தல். சான்றிதழ் வராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். கொடுத்த பிறகு நிலுவையோடு மீண்டும் வரும். கடைசியாக லிங்க். ஊர் பேர் தெரியாத லிங்க்கைச் சுருக்கத்தில் சேர்க்கவே கூடாது. ஜீவன் பிரமாண் திட்டத்தின் அதிகாரப்பூர்வ தளம் jeevanpramaan.gov.in, தேவையென்றால் அதை மட்டும் எழுதலாம்.

சரிபார்க்க முடியாத விவரத்தை மறைக்க வேண்டியதில்லை. 70 ரூபாய் இன்றைய கட்டணம்தானா என்று தெரியாவிட்டால் ‘கட்டணம் கேட்டுக்கொள்’ என்று எழுதினால் போதும். எண்ணை உறுதியான தொனியில் எழுதிவிட்டால் படிப்பவர் அதைச் சந்தேகிக்க மாட்டார்.

வாக்கியத்தை எங்கே வெட்டுவது?

தமிழ் வாக்கியம் நீளும் விதமே இதற்கு வழிகாட்டுகிறது. மாதிரியில் செயலியைப் பற்றிய வாக்கியம் ‘இறக்கி’, ‘கொடுத்து’, ‘காட்டி’, ‘செய்து’ என்று வினையெச்சங்களாகத் தொடர்ந்து, கடைசியில் ‘வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று முடிகிறது. ஒவ்வொரு வினையெச்சமும் ஒரு படி. அந்தந்த இடத்தில் வெட்டி, எச்சத்தை முற்றாக மாற்றினால் படிகள் வரிசையாக வந்துவிடும்: இறக்கு, கொடு, காட்டு, குறித்துவை.

வெட்டக் கூடாத இடமும் உண்டு. ‘கேட்டால்’, ‘தவறினால்’ போன்ற நிபந்தனை எச்சத்தை அதன் முற்றிலிருந்து பிரிக்கக்கூடாது. ‘யாராவது போனில் அழைத்து ஓ.டி.பி. கேட்டால் சொல்லக்கூடாது’ என்பதை ‘ஓ.டி.பி. கொடுக்கக்கூடாது’ என்று சுருக்கினால் வேலையே நின்றுவிடும். ஜீவன் பிரமாண் செயலியில் பதிவு செய்யும்போது போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் பயனாளரே செயலியில் இட வேண்டும். சுருக்கத்தைப் படித்தவர் அந்த இடத்தில் மிரண்டு நிறுத்திவிடுவார். தடை இருப்பது போனில் கேட்பவரிடம் சொல்வதற்குத்தான். அந்த நிபந்தனை வரியிலேயே இருக்க வேண்டும்.

சிறிய இணைப்புச் சொற்களும் அதே அளவு முக்கியம். நான்கு எண்களும் வேண்டுமா, நான்கில் ஒன்று போதுமா என்பதைப் பத்தியில் ‘ஆகியவை’, ‘அல்லது’ என்ற சொற்கள் சொல்லிவிடும். பட்டியலாக்கும்போது அவை உதிர்ந்துபோகின்றன. ஆதலால் தலைப்புச் சொல்லிலேயே ‘நான்கும்’ என்றோ ‘ஏதாவது ஒன்று’ என்றோ குறிப்பிட வேண்டும். ‘30ஆம் தேதிக்குள்’, ‘30ஆம் தேதி வரை’, ‘30ஆம் தேதி முதல்’ ஆகியவற்றில் எண் ஒன்றுதான், பொருள் வேறு. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உருபை விட்டுவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

பத்தியில் ‘அதற்கு’, ‘அங்கே’, ‘அவர்கள்’ என்று வருபவை முந்தைய வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும். தனி வரியில் அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. ஒவ்வொரு வரியையும் தனியாகப் படித்தாலும் புரியும்படி, அந்த இடங்களில் பெயரையே திரும்ப எழுத வேண்டும்.

தலைப்புச் சொல்

வரியின் இடப்பக்கம் நிற்கும் தலைப்புச் சொல்தான் மேலோட்டமாகப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுகிறது. திரையில் படிப்பவர்களின் கண்ணசைவை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: மேல் வரிகளைக் கண் குறுக்காகப் படிக்கிறது; பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்குகிறது. ஆகவே முதல் வரியிலும், ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் பொருள் இருக்க வேண்டும்.

நல்ல தலைப்புச் சொல் பெரும்பாலும் படிப்பவர் மனத்தில் எழும் கேள்வியாகவே இருக்கும்: யாருக்கு, எப்போது, எப்படி, கையில் என்ன, தவறினால். ‘முக்கியம்’, ‘குறிப்பு’, ‘தகவல்’ போன்றவை தலைப்பே அல்ல. அவற்றைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தடைகளுக்குத் தனிக் கவனம் தேவை. தமிழில் ‘கூடாது’, ‘வேண்டாம்’ என்பவை வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. பாதி வரியோடு கண்ணை எடுப்பவருக்கு ‘போனில் கேட்பவரிடம் ஓ.டி.பி.’ என்பது மட்டும் மனத்தில் நிற்கும். ‘வேண்டாம்:’ என்பதையே தலைப்பாக முன்னால் போட்டுவிட்டால் இந்த ஆபத்து இல்லை. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ‘சொல்லாதே’, ‘சொல்லாதீர்கள்’ என்ற ஒருமை பன்மைச் சிக்கல் இல்லாமல் மூத்தவர்க்கும் இளையவர்க்கும் அதே வரி பொருந்தும். பெரியவர்களுக்கு அனுப்பும்போது குறுவரிகள் கட்டளை போல ஒலிக்கலாம். முதல் வரியை ‘மாமா,’ ‘பெரியப்பா,’ என்று முறை சொல்லித் தொடங்கினாலே அந்தக் கடுமை தணிந்துவிடும்.

தட்டச்சில் கவனிக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடித்த எழுத்தாகும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டால் மாறாது. நட்சத்திரங்களே அப்படியே தெரியும். வரித் தொடக்கத்தில் ஒரு சிறுகோடும் இடைவெளியும் இட்டால் புள்ளிப் பட்டியலாகும். எண், புள்ளி, இடைவெளி இட்டால் எண் பட்டியலாகும். படிகளுக்கு வரிசை முக்கியமாக இருந்தால் மட்டும் எண் போடுவது நல்லது. இல்லாவிட்டால், ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்தது என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

தடித்த எழுத்து தலைப்புச் சொற்களுக்கும் முதல் வரிக்கும் மட்டும் போதும். எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் தனித்துத் தெரியாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் போன் திரையில் ஒரு வரிக்குச் சில சொற்களே அடங்கும். ஒரு குறிப்பு திரையில் மூன்று வரிக்கு மேல் ஓடினால் அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

முதல் வரி தனி இடம் பெறுகிறது. போன் பூட்டியிருக்கும்போது அறிவிப்பில் தெரிவதும், உரையாடல் பட்டியலில் தெரிவதும் செய்தியின் தொடக்கம்தான். அந்த இடத்தை ‘இனிய காலை வணக்கம்’ பிடித்துக்கொண்டால் மற்ற உழைப்பு வீண். யார், என்ன, எப்போதைக்குள் என்ற மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

முடிவில் கிடைக்கும் செய்தி

மாதிரி ஃபார்வர்டு இந்த வழியில் மாறும்போது, சித்தப்பா தட்டச்சு செய்யும் செய்தி இப்படி அமையும்:

```
*அப்பா பென்ஷன்: நவம்பர் 30க்குள் ஆயுள் சான்றிதழ் கொடுக்கணும்*

*யாருக்கு:* மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்கள். அப்பாவுக்குப் பொருந்தும்.
*கையில் வேண்டியவை (நான்கும்):* ஆதார் எண், பி.பி.ஓ. எண், பென்ஷன் வரும் கணக்கு எண், மொபைல் எண்
*எப்படி (ஏதாவது ஒன்று):*
- போனில்: Jeevan Pramaan, AadhaarFaceRD செயலிகள். அப்பா நேரில் இருக்கணும்.
- வீட்டில்: தபால்காரர் வருவார். கட்டணம் கேட்டுக்கொள்.
- வங்கியில்: அப்பா நேரில் போகணும்.
*முடிந்ததும்:* எஸ்எம்எஸ்ஸில் வரும் பிரமாண் எண்ணைக் குறித்துவை.
*தவறினால்:* பென்ஷன் நிற்கும். பிறகு கொடுத்தால் பாக்கியோடு வரும்.
*வேண்டாம்:* போனில் அழைத்துக் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்வது
*எங்கிருந்து:* குரூப் ஃபார்வர்டு. தேதியை வங்கியில் கேட்டுவிட்டேன்.
```

இதில் ‘அப்பா நேரில் இருக்கணும்’ என்பது ஃபார்வர்டில் வெளிப்படையாக இல்லை; ‘முகத்தைக் காட்டி’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. செயலி மகளுடைய போனில் இருக்கலாம். காட்ட வேண்டிய முகம் அப்பாவுடையது. கோவையில் இருக்கும் மகளுக்கு இதுதான் மிக முக்கியமான செய்தி. மாதம் முடிவதற்குள் ஊருக்குப் போக முடியுமா, இல்லையென்றால் தபால்காரரை அப்பா வீட்டுக்கு வரவழைப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஃபார்வர்டு பேசாமல் விட்ட வங்கி வழியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதுவும் செல்லுபடியாகும் வழியே.

கடைசி வரியும் வீணல்ல. நகலெடுத்ததால் மறைந்துபோன ஃபார்வர்டு அடையாளத்தை அது ஈடுசெய்கிறது. எதைச் சரிபார்த்தாயிற்று என்பதும் அதில் தெரிகிறது. கேட்காமலே ‘கேட்டுவிட்டேன்’ என்று எழுதக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முதலில் அங்கே அனுப்பினால் நட்சத்திரக் குறிகள் சரியாக மாறினவா, வரிகள் எங்கே உடைகின்றன, ‘மேலும் படிக்க’ வருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிறகு தலைப்புச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்க வேண்டும். அவை மட்டுமே விஷயத்தின் உருவத்தைக் காட்டினால் பிரிப்பு சரி. வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் காட்டி, ‘இதைப் பார்த்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்பது அதைவிட நல்ல சோதனை. அவர் தேதியையோ நிபந்தனையையோ தவறாகச் சொன்னால் குறை அந்த வரியில்தான் இருக்கிறது. அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

எல்லாச் செய்தியும் இப்படிப் பிரிக்கத் தக்கதல்ல. மருந்துச் சீட்டு, மருத்துவமனை தரும் அறிவுரை போன்றவற்றில் ஒரு சொல் விடுபட்டாலும் தீங்கு நேரும். அவற்றைச் சுருக்காமல் படமெடுத்து அனுப்புவதே முறை. துக்கச் செய்தியைத் தலைப்புப் போட்டுத் துண்டாக்கினால் அது மனத்தை நோகடிக்கும். ஒரு பிரச்சினையின் காரண காரியத்தை விளக்கும் கட்டுரையும் வரிகளாக உடைந்தால் வாதம் சிதறிப்போகும். ஒருவர் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் செய்திக்குத்தான் இந்த முறை பொருந்தும். படித்த பின் செய்வதற்கு எதுவுமே இல்லாத ஃபார்வர்டு என்றால், அதைச் சுருக்குவதை விட அனுப்பாமல் விடுவதே நல்லது.